அரபு எழுத்தில் தமிழ்: அரபுத்தமிழைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ இலங்கையின் பேருவளையிலோ ஒரு பழைய வீட்டு அலமாரியைத் திறந்தால், பழுப்பேறிய ஒரு புத்தகம் கையில் கிடைக்கலாம். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகள், வரிக்கு மேலும் கீழும் நெருக்கமாகக் குறிகள். பார்ப்பவர்கள் "அரபு கிதாபு" என்று மரியாதையோடு எடுத்து வைத்துவிடுவார்கள். ஆனால் யாராவது வாய்விட்டுப் படித்தால், அதில் பல புத்தகங்கள் நாம் பேசுகிற தமிழாகவே காதில் விழும்.

இதைத்தான் அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் சொல்கிறார்கள். அரபியும் தமிழும் கலந்து பிறந்த தனி மொழி இது என்று சிலர் பேசுகிறார்கள். தமிழ் எழுத்து தெரியாதவர்கள் செய்துகொண்ட குறுக்குவழி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பக்கத்தைப் பிரித்துப் படித்துப் பார்த்தால் இரண்டும் நிற்காது. இலக்கணம் தமிழ், வினைமுற்று தமிழ், வேற்றுமை உருபு தமிழ். மார்க்கச் சொற்கள் மட்டும் அரபியிலிருந்து நிறைய வந்திருக்கும். எழுத்தோ, தமிழ் ஒலிகளுக்காக யோசித்துச் செப்பனிடப்பட்ட ஒன்று. அந்தச் செப்பனிடல் எப்படி நடந்தது என்று புரிந்தால், படிப்பதற்கான சாவியும் அதிலேயே இருக்கிறது.

## எழுத்து வேறு, மொழி வேறு

கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறோம். அதைப் பெறுகிறவர் தமிழாகத்தான் படிக்கிறார். எழுத்து மாறியதால் மொழி மாறிவிடவில்லை. அரபுத்தமிழின் அடிப்படையும் இதுதான்.

ஆனால் ஒப்புமை அதோடு முடிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தில் தட்டும்போது ல, ள, ழ மூன்றையும் பெரும்பாலும் ஒரே எழுத்தில் அடக்கிவிடுகிறோம். மற்றதை எதிரே இருப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அரபுத்தமிழை எழுதியவர்கள் அப்படி விடவில்லை. அரபியில் 28 எழுத்துகள் உண்டு. தமிழுக்கு வேண்டிய ஒலி அவற்றில் இல்லாத இடங்களில், இருக்கிற எழுத்தோடு புள்ளி சேர்த்துப் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். மொத்தம் 40 எழுத்துகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இது தேவைப்பட்டதற்குக் காரணம் எளியது. தென்கடற்கரை ஊர்களில் முஸ்லிம் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, முதலில் கற்றது குர்ஆன் ஓதுவதற்கான அரபு எழுத்தைத்தான். அதைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எல்லாருக்கும் தொழுகையின் சட்டத்தையும் நோன்பின் விதியையும் அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும். பேச்சு தமிழ், பழகிய எழுத்து அரபு. இரண்டையும் இணைத்தால் வேலை முடிந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி' என்ற சட்ட நூல் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுகளில் ஓதப்பட்டது இந்த எழுத்தில்தான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: மொழி தமிழ், எழுத்து அரபு, தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன.

## புள்ளி வைத்துப் புது எழுத்து

அரபு எழுத்து இரண்டு அடுக்குகளால் ஆனது. அடியில் ஒரு கோட்டுருவம். அதன் மேலோ கீழோ புள்ளிகள். ب (ப ஒலி), ت (த ஒலி) இரண்டுக்கும் கோட்டுருவம் ஒன்றுதான். கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டு புள்ளியா என்பதுதான் வித்தியாசம். ஆகவே புதிய ஒலி வந்தால் புதிய உருவம் வரைய வேண்டியதில்லை. ஒலியில் நெருங்கிய எழுத்தை எடுத்துப் புள்ளியை மாற்றினால் போதும்.

தமிழுக்காக அப்படி வந்த எழுத்துகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே. அரபியின் ب மென்மையாக ஒலிக்கும் ப, 'பல்' என்பதில் வரும் வன்மையான ப அங்கே கிடையாது. அதனால் ف (ஃப) எடுத்துக் கீழே ஒரு புள்ளி வைத்தார்கள்: ڣ. ட ஒலிக்கு د (த போன்றது) கீழே புள்ளி பெற்றது: ڊ. ண-வுக்கு ن கீழே புள்ளி பெற்றது: ڹ. ற-வுக்கு ر கீழே புள்ளி பெற்றது: ڔ. இந்த நான்கிலும் ஒரே உத்தி இருப்பதைக் கவனியுங்கள். பழைய எழுத்தின் கீழே ஒரு புள்ளி வந்தால், அது அரபியில் இல்லாத தமிழ் ஒலி என்று கொள்ளலாம். ச-வுக்கு மட்டும் ஏற்கெனவே பாரசீகத்தில் புழங்கிய چ என்ற மூன்று புள்ளி எழுத்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ள வந்த விதம். அதற்கு ض என்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் கீழே புள்ளி வைத்தார்கள்: ۻ. ஏன் ض? தமிழ் முஸ்லிம்கள் அந்த அரபு எழுத்தை எப்படி உச்சரித்தார்கள் என்பதில் விடை இருக்கிறது. வட இந்தியாவில் 'ரம்ஸான்' என்று சொல்லப்படும் மாதம் தமிழ் முஸ்லிம்களுக்கு 'ரமளான்'. அந்தச் சொல்லில் அரபியில் இருப்பது ض. தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது 'ஒளு'. அதிலும் ض. வாயில் ஏற்கெனவே ள-வாக நின்ற எழுத்து, ஏட்டிலும் ள-வுக்குத் தாயெழுத்தானது. இதை எழுதியவர்கள் அட்டவணையைப் பார்த்துப் பொருத்தவில்லை, காதால் கேட்டுப் பொருத்தினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மற்றபடி க-வுக்கு ك, த-வுக்கு ت, ம-வுக்கு م, ய-வுக்கு ي, ர-வுக்கு ر, ல-வுக்கு ل, வ-வுக்கு و என்று நேராகவே பொருந்திவிடும். ந, ன இரண்டுக்கும் ن ஒன்றே. தமிழில் இவ்விரண்டின் ஒலியும் நெருங்கியது, சொல்லில் எந்த இடத்தில் வருகிறது என்பதே எது என்று காட்டிவிடும் என்பதால் இதில் குழப்பம் வருவதில்லை.

## உயிர் எங்கே?

அரபு செய்தித்தாளையோ உருது நாவலையோ திறந்தால் பெரும்பாலும் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கும். குறில் உயிர்களை வாசகர் தாமே நிரப்பிக்கொள்வார். அரபுத்தமிழ் நூல்கள் அப்படி இல்லை. குர்ஆன் பிரதியைப் போலவே உயிர்க்குறிகள் எல்லா எழுத்துக்கும் போடப்பட்டிருக்கும். புதிதாகப் படிக்க வருகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

குறிகள் நான்கைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி வந்துவிடும். எழுத்தின் மேலே சாய்ந்த சிறு கோடு பத்ஹு. அது அ ஒலி: كَ என்றால் க. கீழே அதே கோடு கஸ்ரு. அது இ ஒலி: كِ என்றால் கி. மேலே சிறிய வால் போன்ற சுழி ளம்மு. அது உ ஒலி: كُ என்றால் கு. மேலே குட்டி வட்டம் ஸுகூன். உயிர் இல்லை என்று பொருள்: كْ என்றால் க். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி செய்கிற வேலையையே ஸுகூன் செய்கிறது.

நெடிலுக்குக் குறியோடு ஓர் எழுத்து சேரும். அ குறிக்குப் பின் ا வந்தால் ஆ. இ குறிக்குப் பின் ي வந்தால் ஈ. உ குறிக்குப் பின் و வந்தால் ஊ. ஐ வேண்டுமானால் அ குறிக்குப் பின் ஸுகூன் பெற்ற ي வரும், 'அய்' என்று எழுதுவதைப் போல. சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ا என்ற எழுத்து வெறும் தாங்கியாக நின்று குறியைச் சுமக்கும்.

ஐந்தாவதாக ஷத்து என்று ஒரு குறி உண்டு, சிறிய w போல எழுத்தின் மேல் உட்காரும். ஒரே மெய் இரட்டிக்கிறது என்பதைக் காட்டும். தமிழில் க்க, ட்ட, ப்ப எத்தனை வருகின்றன என்று நினைத்துப் பாருங்கள். 'கப்பல்' என்று எழுத மூன்றே எழுத்து போதும்: كَڣَّلْ. க, பிறகு ஷத்து பெற்ற ப, பிறகு ல்.

எ, ஒ இரண்டும்தான் சிக்கல். அரபியில் இவை கிடையாது. கஸ்ருவையும் ளம்முவையும் போலவே இருந்து, சற்று வளைத்தோ திருப்பியோ போட்ட குறிகளால் இவற்றைக் காட்டினார்கள். எல்லாக் கைகளும் ஒரே வடிவத்தைப் பின்பற்றவில்லை. பழைய அச்சில் அந்த நுணுக்கம் கண்ணுக்கே தெரியாமலும் போகும். ஆகவே 'பிண்' என்று வந்து பொருள் நிற்காவிட்டால் 'பெண்' என்று முயலுங்கள். 'சுல்' என்று வந்தால் 'சொல்'. இ-யை எ-யாகவும் உ-வை ஒ-வாகவும் மாற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தடுமாற்றம் தீரும். விரலை வெரல் என்றும் உடம்பை ஒடம்பு என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

இந்தப் பகுதியின் சாரம்: மெய்க்கு எழுத்து, உயிருக்குக் குறி, நெடிலுக்குக் குறியும் எழுத்தும், இரட்டிப்புக்கு ஷத்து.

## ஒரு வரியைக் கூட்டிப் படிப்போம்

பயிற்சிக்காக நானே அமைத்த ஒரு வரி இது. பழைய நூல்களில் வரும் வாக்கியங்களின் சாயலில் இருக்கிறது.

نَبِي مَدِينَة نَكَرْ وَنْتَارْكَۻْ

வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் சொல்லில் ن மேல் பத்ஹு: ந. அடுத்து ب கீழே கஸ்ரு, பின்னால் குறி இல்லாத ي: பீ. சேர்த்தால் 'நபீ', நம் வழக்கில் நபி. இங்கே ப ஒலிக்கு ڣ வரவில்லை, ب வந்திருக்கிறது. காரணம், இது அரபுச் சொல். அரபியிலிருந்து வந்த சொற்களை அரபியில் எப்படி எழுதுவார்களோ அப்படியே விட்டுவிடுவது வழக்கம்.

இரண்டாவது சொல் م, د, ي, ن ஆகியவற்றோடு கடைசியில் ة. இதுவும் அரபுச் சொல்தான்: மதீனா. கடைசியில் வட்டமும் மேலே இரண்டு புள்ளியுமாக இருக்கும் ة தமிழ்ச் சொற்களில் வராது. அதைப் பார்த்ததும் அரபுச் சொல் என்று முடிவு செய்துவிடலாம்.

மூன்றாவது சொல்: ந, க, ஸுகூன் பெற்ற ர். நகர். தமிழ் எழுத்தில் க ஒன்றை வைத்துக்கொண்டு 'கடல்' என்பதில் வன்மையாகவும் 'நகர்' என்பதில் மென்மையாகவும் ஒலிக்கிறோம். இங்கும் அப்படியே ك-வை க என்று கொண்டு, ஒலியைக் காதிடம் விட்டுவிடுங்கள். மென்மையான ஒலிக்கு ك கீழே புள்ளி வைத்த ஓர் எழுத்தையும் சிலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதைக் கண்டாலும் க என்றே படிக்கலாம்.

நான்காவது சொல்லில்தான் புதியவர்கள் திணறுவார்கள். அது பார்வைக்கு நான்கு துண்டுகளாகத் தெரியும். முதலில் و தனியாக. பிறகு ن, ت, ا மூன்றும் சேர்ந்து. பிறகு ر தனியாக. கடைசியில் ك, ۻ சேர்ந்து. இது நான்கு சொல் அல்ல. அரபு எழுத்தில் ا, د, ذ, ر, ز, و ஆறும் தமக்குப் பின்வரும் எழுத்தோடு, அதாவது இடப்பக்கத்து எழுத்தோடு, சேராது. அவை வருகிற இடத்தில் சொல்லின் நடுவிலேயே சிறு இடைவெளி விழும். د-விலிருந்து பிறந்த ڊ, ر-விலிருந்து பிறந்த ڔ ஆகியவற்றுக்கும் அதே குணம்தான், புள்ளி வைத்ததால் அது மாறுவதில்லை.

இனி கூட்டுங்கள்: வ, ந், தா, ர், க, ள். வந்தார்கள். கடைசி எழுத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. மேல் புள்ளி ض-வுக்குச் சொந்தமானது. கீழ்ப் புள்ளிதான் அதை ள ஆக்குகிறது. முழு வரி: நபி மதீனா நகர் வந்தார்கள். நபியைப் பன்மையில் மரியாதையாகச் சொல்வது அந்த நூல்களின் இயல்பான நடை. அதனால் இந்த -ஆர்கள் விகுதியைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். كَۻْ என்ற முடிவு கண்ணுக்குப் பழகிவிட்டால் வினைமுற்று எங்கே இருக்கிறது, வாக்கியம் எங்கே முடிகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பழைய நூல்களில் நிறுத்தற்குறிகள் அரிது என்பதால் இது பெரிய உதவி.

## எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நூல்கள் பல கல்லச்சில் வந்தன. கல்லச்சு என்பது எழுத்தரின் கையெழுத்தை அப்படியே கல்லில் ஏற்றி அச்சடிக்கும் முறை. ஈய அச்செழுத்துகளை வார்க்கத் தேவையில்லாததால் ڣ, ڹ போன்ற தனி எழுத்துகள் தடையாக இருக்கவில்லை, எழுத்தர் கையால் புள்ளி வைத்தால் போதும். ஆனால் அதனாலேயே புள்ளி வைக்கும் பழக்கம் கைக்குக் கை மாறியது. நான் மேலே சொன்ன எழுத்துகள் எல்லா நூலிலும் அச்சுப் பிசகாமல் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ங, ஞ, ழ ஆகியவற்றின் வடிவங்களை அந்தந்த நூலை வைத்தே முடிவு செய்வது நல்லது.

மை மங்கியோ புழு அரித்தோ கீழ்ப் புள்ளி காணாமல் போவதுதான் அடிக்கடி நேர்வது. ڣ புள்ளியை இழந்தால் ف ஆகிவிடும். 'பாடல்' என்பது 'ஃபாடல்' என்று வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். தமிழ்ச் சொல்லில் ஃப ஒலி கிடையாது. எனவே தமிழ்ச் சொல்லுக்குள் ف தென்பட்டால் அது ப என்று துணிந்து கொள்ளலாம். د-வும் ر-வும் அவ்வளவு எளிதல்ல. 'கதல்' என்று படித்துப் பொருள் வராவிட்டால் 'கடல்' என்று திருத்திவிடலாம். 'மரம்', 'மறம்' இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் சூழலைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: குட்டையாக விழுந்த கஸ்ருக் கோட்டைப் புள்ளி என்று எண்ணி ர-வை ற-வாகப் படித்துவிடுவோம். அதே எழுத்துக்கு வேறு உயிர்க்குறி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே பத்ஹுவோ ளம்முவோ ஸுகூனோ இருந்தால் கீழே இருப்பது புள்ளி. மேலே எதுவும் இல்லையென்றால் அது கஸ்ருவாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

சொல் எங்கே தொடங்குகிறது என்ற குழப்பத்துக்குத் தமிழ் இலக்கணமே கை கொடுக்கும். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யெழுத்தில் தொடங்காது. நீங்கள் முதல் எழுத்தென்று நினைத்ததன் தலையில் ஸுகூன் இருந்தால், சொல்லின் நடுவில் நுழைந்துவிட்டீர்கள், வலப்பக்கம் ஒரு துண்டு பின்வாங்குங்கள். அதேபோல க், ச், த், ப் போன்ற வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் தனித்து முடியாது. ஒரு துண்டின் முடிவில் ஸுகூன் பெற்ற ك நின்றால், சொல் இன்னும் முடியவில்லை, அல்லது அடுத்த சொல்லின் க-வுக்காக வந்த ஒற்று மிகுந்திருக்கிறது என்று பொருள்.

தமிழாக ஒட்டவே ஒட்டாத சொல் வந்தால், அது அரபுச் சொல்லா என்று பாருங்கள். ع, ح, ص, ث போன்ற எழுத்துகள் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றைக் கூட்டிப் படித்துத் தமிழ்ப் பொருள் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம், அரபு அகராதிக்குப் போங்கள். அரபுச் சொல்லோடு தமிழ் உருபு ஒட்டியிருப்பதும் சகஜம்: சொல் அரபியிலும், அதன் வாலில் 'உடைய', 'க்கு', 'இல்' போன்றவை தமிழிலும் இருக்கும். வாலை முதலில் அடையாளம் கண்டு கழற்றிவிட்டால் தலை தானே தெரியும்.

## முதல் பக்கத்துக்கு முன்

முழு நூலோடு மல்லுக்கு நிற்பதைவிட, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் பேசுகிற ஒரு பக்கத்தை எடுங்கள். ஒளுவின் முறையைச் சொல்லும் பக்கம் நல்ல தொடக்கம். கை, முகம், தலை, கால் என்று எந்தச் சொல் வரும் என்று முன்பே தெரியும். ஒவ்வொரு எழுத்தருடைய க எப்படி, ட எப்படி, ண எப்படி என்பதை அந்தத் தெரிந்த சொற்களிலிருந்து பொறுக்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நூலுக்கு அந்தத் தாள்தான் அகராதி. இன்னொரு நூலுக்குப் போகும்போது புதிய தாள் போடுங்கள்.

பக்கத்தின் அடியில் இடது மூலையில் ஒரு சொல் தனியாகத் தொங்குவதைப் பார்த்தால் அதைப் பிழையென்று விட்டுவிடாதீர்கள். தாள்கள் வரிசை மாறாமலிருக்க அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை அங்கே முன்கூட்டி எழுதுவது பழைய வழக்கம். ஒரே சொல் இரண்டு முறை எழுதப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் மங்கிய புள்ளியை மற்ற இடத்தில் சரிபார்க்கலாம்.

தலைப்புப் பக்கத்தில் ஆண்டு இருந்தால் அது பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டு. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்: ١٣٠٠ என்பது 1300. ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு, ஆகவே சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஏறக்குறைய சரியான ஆங்கில ஆண்டு வரும். 1300-க்கு அப்படிச் செய்தால் 1883. உண்மையில் அந்த ஹிஜ்ரி ஆண்டு 1882 நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை ஓடியது. ஓராண்டு முன்பின் இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு அந்த எண்ணை உங்கள் தாளின் தலையில் குறித்துக்கொள்ளலாம்.